சுநேத்ரியிலிருந்து கேரட் ஜூஸ் வரை: திருமுக்கூடல் கல்வெட்டும் நம்ம கண்ணும் (நீண்ட திரெட்)

1/
போன வாரம் ஓ.பி.-யில் ஒரு நெசவாளர் அண்ணன் வந்தார். வயசு 52. பட்டுத்தறியில் முப்பது வருஷம். "சார், இழை அறுந்தா கண்ணுக்குத் தெரியல. ஆறு மாசமா தினம் கேரட் ஜூஸ் குடிக்கிறேன், ராத்திரி கண்ணுல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுறேன். அப்படியும் சரியாகல"ன்னார். என்ன எண்ணெய்னு கேட்டேன். போனை எடுத்து ஒரு ஃபார்வர்டைக் காட்டினார். "திருமுக்கூடல் சோழர் மருத்துவமனையில் பயன்பட்ட கண் மருந்து"ன்னு போட்டிருந்தது.

அவருக்கு என்ன ஆச்சுன்னு கடைசியில் சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தக் கல்வெட்டில் உண்மையிலேயே என்ன இருக்குன்னு பார்த்துடுவோம். ஏன்னா ஃபார்வர்டில் பாதி உண்மை. பாதி உண்மைதான் எப்பவும் ஆபத்து.

2/
திருமுக்கூடல் வாலாஜாபாத் பக்கம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேரும் இடம். எதிர்க்கரையில் பழைய சீவரம். பொங்கல் சமயத்தில் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு வருவாரே, அந்தப் பக்கம்தான். அங்க இருக்கிற வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 1068-ஐ ஒட்டிய காலம்.

கோயிலோட சேர்ந்து ஒரு வேதக் கல்லூரி, மாணவர் விடுதி, கூடவே ஒரு ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. பேர் வீரசோழன். படுக்கை 15. ஒரு வைத்தியர், அறுவை செய்யும் ஒருத்தர், மூலிகையும் விறகும் கொண்டு வர ஆட்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டு வர ஒருத்தர். ராத்திரி விளக்கெரிக்க எண்ணெய்க்குத் தனி ஒதுக்கீடு. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவன் இதைப் படிச்சா, "பணியிடங்கள் எல்லாம் நிரப்பியிருக்காங்களே"ன்னு பொறாமைதான் வரும்.

3/
அடுத்து வருது மருந்துப் பட்டியல். ஒரு வருஷத்துக்கு எந்த மருந்து எவ்வளவு இருப்பில் இருக்கணும்னு கல்லில் வெட்டியிருக்காங்க. கடுக்காய் சேர்ந்த லேகியங்களே நாலு வகை. தைலங்கள் இருக்கு, நெய் மருந்துகள் இருக்கு, பழைய நெய்யும் இருக்கு. அந்த வரிசையில் 'விமலை', 'சுநேத்ரி'ன்னு ரெண்டு பேர் வருது. சுநேத்ரின்னா 'நல்ல கண்ணுடையவள்'. கண் மருந்தா இருக்கணும்னு பேரை வெச்சே புரிஞ்சுக்கிறாங்க.

இதுவரைக்கும் ஃபார்வர்ட் சொல்றது சரி.

4/
கல்வெட்டில் இல்லாதது என்னன்னு பாருங்க. மருந்தோட பேர் இருக்கு, அளவு இருக்கு. செய்முறை இல்லை. எந்தக் கண் நோய்க்குன்னு இல்லை. யாருக்குக் கொடுத்தாங்க, எத்தனை பேருக்குக் குணமாச்சு, எத்தனை பேருக்குக் குணமாகலைங்கிற கணக்கு இல்லவே இல்லை. அது அவங்க குறை கிடையாது. கோயில் நிவந்தக் கணக்கு எழுதினாங்க, மருத்துவ ஆய்வு எழுதல.

நம்ம ஆஸ்பத்திரி ஸ்டோர் ரிஜிஸ்டரை ஆயிரம் வருஷம் கழிச்சு ஒருத்தர் தோண்டி எடுத்தாலும் இதேதான். எந்த மாத்திரை எத்தனை பெட்டி வந்ததுன்னு தெரியும். அது வேலை செஞ்சதான்னு தெரியாது. இருப்புப் பட்டியல் வேற, ஆதாரம் வேற. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க, மிச்சக் கதை முழுக்க இதுதான்.

5/
சரி, கண்ணுக்கு ஒரு உணவு வேலை செய்யுதுன்னு நம்ம ஊரில் முதல்ல எப்படித் தெரிஞ்சது?

சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையை எல்லாருக்கும் தெரியும். 1819-ல் தொடங்கினது. 1920-கள், 30-களில் அங்க கண்காணிப்பாளரா இருந்தவர் ஆர். இ. ரைட். அவர் 1922-ல் 'தென்னிந்தியாவில் கெரடோமலேசியா' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கெரடோமலேசியான்னா கருவிழி இளகி, உருகிப் போறது. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கிற கருவிழி முதல்ல வறண்டு மங்கும், அப்புறம் மெழுகு மாதிரி இளகும், கடைசியில் ஓட்டை விழுந்து கண் போயிடும். பெரும்பாலும் ஏழை வீட்டுச் சின்னக் குழந்தைகள். வயித்துப்போக்கோ அம்மையோ வந்து தேறுற நேரத்தில், சில நாளிலேயே ரெண்டு கண்ணும் போன குழந்தைகள் உண்டு.

6/
காரணம் வைட்டமின் ஏ குறைபாடு. அது கண்ணில் என்ன வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன்.

விழித்திரையில் மங்கலான வெளிச்சத்தில் பார்க்கிறதுக்குன்னே குச்சி வடிவ செல்கள் இருக்கு. அதுக்குள்ள ஒரு நிறமி. வெளிச்சம் பட்டா அது சிதையும், அந்தச் சிதைவுதான் மூளைக்குப் போற செய்தி. திரும்பப் பார்க்கணும்னா நிறமியை மறுபடி கட்டணும். அதுக்கான கச்சாப் பொருள் வைட்டமின் ஏ. அது தீர்ந்தா பகலில் சமாளிச்சுடலாம், அந்தி சாய்ஞ்சதும் தடுமாறும். நம்ம பாட்டிகள் சொன்ன மாலைக்கண் இதுதான். கருவிழியும் வெள்ளைவிழி மேல் இருக்கிற மெல்லிய தோலும் ஈரமா, முழுசா இருக்கவும் அதே வைட்டமின் வேணும். அதனால வரிசை இப்படி: முதல்ல மாலைக்கண், அடுத்து வெள்ளைவிழியில் சோப்பு நுரை ஒட்டின மாதிரி திட்டு, கடைசியில் கருவிழி உருகல்.

7/
இப்ப குன்னூருக்கு வாங்க. அங்க ஒரு ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இருந்தது. அதுதான் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்னைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. 1930-களில் அதன் இயக்குநர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட். அவரும் எழும்பூர் ரைட்டும் சேர்ந்து ஒரு கேள்வி எடுத்தாங்க. கெரடோமலேசியாவுக்கு மருந்து மீன் எண்ணெய். அதுக்குப் பதிலா ஒரு தாவர எண்ணெய் கொடுத்தா நடக்குமா?

அவங்க எடுத்தது சிவப்புப் பாமாயில். செம்பனைப் பழத்தைப் பிழிஞ்சதும் வர்ற, சுத்திகரிக்காத செக்கச்செவேல் எண்ணெய். கேரட்டுக்கு நிறம் தர்ற அதே பீட்டா கரோட்டின்தான் அதுக்கும் நிறம். குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுத்தாங்க. கண் தேறியது. 1937-ல் இந்திய மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டாங்க.

ஒண்ணு கவனிங்க. எண்ணெய் வாய்க்குள்ள போச்சு. கண்ணுக்குள்ள இல்ல, தொப்புளில் இல்ல, உள்ளங்காலில் இல்ல. நம்ம ரேஷன் கடை பாமாயிலும் இது கிடையாது. சுத்திகரிக்கும்போது அந்தச் சிவப்பு போயிடும், கூடவே கரோட்டினும் போயிடும்.

8/
அடுத்த கட்டம் 1970. ஒரு வயசிலிருந்து அஞ்சு வயசு வரைக்கும், ஆறு மாசத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. இன்னைக்கு ஒன்பதாவது மாசம் 1 லட்சம் யூனிட்டில் ஆரம்பிக்குது. அங்கன்வாடியில் ஒரு கரண்டியில் மஞ்சளா ஊத்துவாங்களே, அதுதான். கல்லீரல் வைட்டமின் ஏவைச் சேமிச்சு வெச்சு மாசக்கணக்கில் செலவு பண்ணும். அதனாலதான் தினம் கொடுக்காம ஆறு மாசத்துக்கு ஒருமுறை கொடுத்தா போதுது.

9/
அப்புறம் திருச்சி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லக்ஷ்மி ரஹமத்துல்லா தலைமையிலான குழு, திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 குழந்தைகளை எடுத்து ஒரு வருஷம் ஆய்வு செஞ்சது. பாதிப் பேருக்கு வாராவாரம் சின்ன அளவில் வைட்டமின் ஏ. மீதிப் பேருக்கு அது இல்லாத சொட்டு. கொடுக்கிறவங்களுக்கே எது எதுன்னு தெரியாது. 1990-ல் முடிவு வந்தது. வைட்டமின் ஏ கிடைச்ச குழந்தைகளில் இறப்பு 54 சதவீதம் குறைவு. கண்ணுக்கான மருந்து உயிரைக் காப்பாத்தியிருக்கு.

கதையை இங்கேயே முடிச்சா அதுவும் பாதி உண்மை. 2013-ல் உத்தரப் பிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகளில் நடந்த பெரிய ஆய்வு வெளியானது. அதில் இறப்பில் வித்தியாசம் 4 சதவீதம்தான், அதுவும் தற்செயலா இருக்கலாம்ங்கிற அளவு. ஏன் இப்படின்னு இன்னும் விவாதம் நடக்குது. குறைபாடு கடுமையா இருக்கிற இடத்தில் பலன் பெருசு, குறைபாடு குறைஞ்ச இடத்தில் பலன் குறையும்ங்கிறது ஒரு முக்கிய விளக்கம்.

10/
இங்கதான் கேரட்டோட ரகசியம் இருக்கு.

காலிக் குடத்தில் தண்ணி ஊத்தினா நிறையும். நிறைஞ்ச குடத்தில் ஊத்தினா வழியும். வைட்டமின் ஏ குறைஞ்சவருக்கு அதைக் கொடுத்தா மாலைக்கண் சில நாளிலேயே தேறும், பார்க்கிறவங்களுக்கு அதிசயம் மாதிரி இருக்கும். அந்த அதிசயத்தைப் பார்த்துதான் "கேரட் கண்ணுக்கு நல்லது"ங்கிற பேச்சே வந்தது. ஆனா ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறவர் ஒரு கிலோ கேரட் தின்னாலும் பார்வை ஒரு வரி கூடாது, கண்ணாடி பவர் குறையாது. பவர்ங்கிறது கண் பந்தோட நீளம், கருவிழியோட வளைவு சம்பந்தப்பட்ட கணக்கு. கேரட்டால பந்தைச் சுருக்க முடியாது. கேரட்டை அளவுக்கு மீறிச் சாப்பிட்டா உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான்.

11/
இந்த நம்பிக்கையை உலகம் முழுக்கப் பரப்பினதில் இரண்டாம் உலகப் போருக்கும் பங்கு உண்டு. 1940-ல் பிரிட்டன் போர் விமானங்கள் இருட்டில் ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்த ஆரம்பிச்சது. உண்மையான காரணம் விமானத்தில் பொருத்தின ரேடார். அது ரகசியம். பத்திரிகைகளில் வந்த கதை, ஜான் கன்னிங்ஹாம் மாதிரியான விமானிகள் நிறைய கேரட் சாப்பிடறாங்கன்னு. அவருக்கு 'பூனைக்கண்'னு பட்டப்பேரே விழுந்தது. அதே நேரம் அங்க உணவுத் தட்டுப்பாடு, கேரட் மட்டும் அமோக விளைச்சல். தெருவிளக்கெல்லாம் அணைச்சு வெச்சிருந்த காலம். "கேரட் தின்னா இருட்டில் கண் தெரியும்"னு அரசாங்கமும் சொல்லிச்சு. ஜெர்மன்காரன் நம்பினானோ இல்லையோ, நம்ம வீட்டு மிக்ஸி வரைக்கும் வந்துடுச்சு.

12/
அப்ப என்ன சாப்பிடறது? குழந்தை, கர்ப்பிணி, தாய்ப்பால் கொடுக்கிறவங்க, இவங்க தட்டில்தான் வைட்டமின் ஏவுக்கு உண்மையான வேலை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, மாம்பழம், பப்பாளி, பரங்கிக்காய், முட்டை, பால். ஊட்டி கேரட்தான் வேணும்னு இல்லை. கொல்லையில் நிக்கிற முருங்கை போதும்.

ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க. கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள். பச்சையா ஜூஸ் அடிச்சு வடிகட்டிக் குடிக்கிறதைவிட, கீரையை வேகவெச்சு ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளிச்சுச் சாப்பிட்டா உடம்பில் நல்லா ஏறும். பாட்டி பண்ணின பொரியல் ஜூஸைவிட உசத்தி.

கர்ப்பிணிகளுக்கு ஒரு எச்சரிக்கை. வைட்டமின் ஏ மாத்திரையோ மீன் ஈரல் எண்ணெயோ டாக்டரைக் கேட்காம எடுக்காதீங்க. அளவு கூடினா வயித்துப் பிள்ளைக்கு ஊனம் வரலாம். கீரையில் அந்த ஆபத்து இல்லை. உடம்பு தனக்கு வேண்டிய அளவுதான் மாத்திக்கும்.

13/
மெடிக்கலில் 'கண் சத்து மாத்திரை'ன்னு விக்கிறாங்களே, அது?

அதுக்கும் ஒரு உண்மையான ஆய்வு பின்னால இருக்கு. 2001-ல் அமெரிக்காவில் வெளியான 'ஏரெட்ஸ்' ஆய்வு. வயசானவங்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய் ஒண்ணு உண்டு. அது நடுத்தரக் கட்டத்தில் இருந்தவங்களுக்கும், ஒரு கண்ணில் முத்திப் போனவங்களுக்கும் வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் கலந்த மாத்திரை கொடுத்தாங்க. அஞ்சு வருஷத்தில் நோய் முத்தினது, வெறும் மாத்திரை எடுத்தவங்களில் 100-க்கு 28 பேருக்கு. சத்து மாத்திரை எடுத்தவங்களில் 100-க்கு 20 பேருக்கு. நல்ல பலன்தான்.

ஆனா நோய் இல்லாதவங்களுக்கு அது நோயைத் தடுக்கல. கண்புரையைத் தடுக்கல. போன பார்வையைத் திருப்பிக் கொண்டு வரல. விழித்திரையைப் பார்த்த கண் டாக்டர் எழுதினா வாங்குங்க. கடைக்காரர் சொன்னார்னு வாங்காதீங்க.

14/
அந்த மாத்திரையில் ஒரு திருப்பம் உண்டு. புகைப்பிடிக்கிறவங்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த பின்லாந்து ஆய்வு 1994-ல் வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோய் குறையும்னு எதிர்பார்த்தாங்க. 18 சதவீதம் கூடுச்சு. அதனால 2013-ல் வந்த இரண்டாவது ஏரெட்ஸில் பீட்டா கரோட்டினை எடுத்துட்டு லூட்டின், சியாசாந்தின் வெச்சுப் பார்த்து, அதையே இப்ப பரிந்துரைக்கிறாங்க. பீடி, சிகரெட் பழக்கம் இருக்கிறவங்க, இருந்து விட்டவங்க, பழைய வகை மாத்திரையைத் தொட வேண்டாம். காய்கறியில் இருக்கிற கரோட்டினால் இந்த ஆபத்து இல்லை.

15/
கண் பயிற்சி. கண்ணைச் சுத்துறது, உள்ளங்கையால் மூடுறது, விடியற்காலைச் சூரியனைப் பார்க்கிறது. இதுக்கெல்லாம் மூலவர் அமெரிக்க டாக்டர் வில்லியம் பேட்ஸ். 1920-ல் 'கண்ணாடி இல்லாமலே சரியான பார்வை'ன்னு புத்தகம் போட்டார். கண்ணைச் சுத்தியிருக்கிற தசைகள் இறுக்குறதால பந்தோட வடிவம் மாறுது, அதைத் தளர்த்தினா பவர் போயிடும்ங்கிறது அவர் கணக்கு. அது தப்புன்னு ஆயிடுச்சு. கிட்டத்தில் பார்க்கும்போது மாறுறது கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ். நாற்பது வயசுக்கு மேல அந்த லென்ஸ் கெட்டியாகுது, அதான் வெள்ளெழுத்து. எந்தப் பயிற்சியும் அதை இளக வைக்காது.

பயிற்சி உதவுற ஒரு பிரச்சினை உண்டு. கிட்டத்தில் படிக்கும்போது ரெண்டு கண்ணும் சேர்ந்து உள்பக்கம் குவியாம வர்ற தலைவலி, இரட்டைப் பார்வை. அதைக் கண் மருத்துவமனையில் அளந்து பார்த்துட்டுதான் சொல்லித் தருவாங்க. சூரியனை மட்டும் எக்காரணத்துக்கும் நேரா பார்க்காதீங்க. விழித்திரை வெந்தா திரும்பாது.

16/
எண்ணெய். அதே திருமுக்கூடல் கல்வெட்டில் விடுதி மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய் ஒதுக்கியிருக்காங்க. நல்ல வழக்கம், சுகமா தூக்கம் வரும். ஆனா தலையிலோ தொப்புளிலோ வெச்ச எண்ணெய் விழித்திரைக்குப் போக வழியே கிடையாது.

கண்ணுக்குள்ள விடுறது வேற கதை. "டாக்டர், விளக்கெண்ணெய் கலந்த கண் சொட்டு மருந்தே இருக்கே"ன்னு கேட்பீங்க. இருக்கு. உலர்கண்ணுக்குத் தர்ற சைக்ளோஸ்போரின் சொட்டில் விளக்கெண்ணெய் உண்டு. அது கிருமி நீக்கி, நுண்ணிய துளிகளா உடைச்சு, மூடி வெச்சது. நம்ம அடுப்பாங்கரை பாட்டிலில் தூசியும் பூஞ்சையும் சேர்ந்தே இருக்கும். கருவிழியில் ஒரு சின்னக் கீறல் இருந்தா போதும், அந்தப் பூஞ்சை வேர் விடும். வயலில் நெல் தூசி பட்டு வந்து, மேல எதையோ பிழிஞ்சு விட்டு, கண் வெளுத்து வந்தவங்களை நாங்க பார்த்துக்கிட்டேதான் இருக்கோம்.

17/
இப்ப நெசவாளர் அண்ணனுக்கு வருவோம்.

ஒவ்வொரு கண்ணா மூடிப் படிக்கச் சொன்னேன். வலது கண் தூரத்துக்குப் பரவாயில்லை. இடது கண்ணில் பாதி வரிகூட வரல. அப்புறம் ஒரு அட்டையில் குண்டூசி ஓட்டை போட்டு அது வழியா பார்க்கச் சொன்னேன். கண்ணாடிப் பவர் பிரச்சினைன்னா அந்த ஓட்டை வழியா எழுத்து தெளியும். இடது கண்ணில் தெளியல. அப்படின்னா கோளாறு உள்ள இருக்கு.

சர்க்கரை பார்த்தோம். 286. சர்க்கரை நோய் இருக்குன்னே அவருக்குத் தெரியாது. ஆறு மாசமா அந்த ஜூஸில் தினம் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை வேற.

18/
கண் பிரிவில் சொட்டு விட்டுப் பாப்பாவை விரிச்சுப் பார்த்தாங்க. சர்க்கரையால் இடது விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருக்கு. கண்ணுக்குள்ள போடுற ஊசி ஆரம்பிச்சிருக்காங்க. எவ்வளவு பார்வை திரும்பும்னு யாராலும் உறுதியா சொல்ல முடியாது. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா நம்பிக்கையோட சொல்லியிருக்கலாம்.

இழை தெரியாததுக்கு வலது கண்ணில் இருந்த காரணம் வெறும் வெள்ளெழுத்து. கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டதும் இழையைப் பார்த்துட்டுச் சொன்னார், "இதுக்கா சார் இத்தனை கேரட்டு?"

19/
அந்தக் கண்ணாடியைச் சாதாரணமா நினைக்காதீங்க. அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயசுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு இலவசமா கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்து நடத்தின ஆய்வு 2018-ல் வந்தது. கண்ணாடி போட்டவங்க பறிச்ச இலையோட எடை, போடாதவங்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல கூடுதல். கண் சத்துன்னு விக்கிற எந்த டப்பாவுக்கும் இப்படி ஒரு கணக்கு நான் பார்த்ததில்லை.

20/
நீங்க இன்னைக்கே செய்யக்கூடியது. ஒரு கண்ணை மூடி எதிர்ச் சுவர் காலண்டரைப் பாருங்க. அடுத்து மறு கண். ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தாலோ, காலண்டர் கோடு வளைஞ்சு தெரிஞ்சாலோ, ஜூஸ் போடப் போகாதீங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க. சர்க்கரை இருக்கிறவங்க பார்வை நல்லா இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டணும். வீட்டில் குழந்தை அந்தியில் தடுமாறினா மறுநாளே கூட்டிட்டு வாங்க.

சுநேத்ரியில் என்ன சேர்த்தாங்கன்னு கல்வெட்டு நமக்குச் சொல்லல. ஆனா உடம்பு சரியில்லாதவர் வந்து படுக்க 15 படுக்கையும், பார்க்க ஒரு வைத்தியரும், ராத்திரி முழுக்க ஒரு விளக்கும் வேணும்னு சொல்லுது. அண்ணன் அந்த ஃபார்வர்டை அழிச்சுட்டார். அடுத்த ஊசிக்கு வர்றப்ப தறிக்காரங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார்.